ஒப்பந்தத்தை மீறிக் கூடுதல் ஆட்கள் குடியிருந்தால் வீட்டு உரிமையாளர் எழுத வேண்டிய கடிதம்: முழுமையான வழிகாட்டி

மூன்று பேருக்கென்று வாடகைக்கு விட்ட வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று தெரியவந்த அன்று இரவே பெரும்பாலான உரிமையாளர்கள் வாடகைதாரருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுகிறார்கள். பின்னாளில் அவர்களுக்கே எதிராக எடுத்துக் காட்டப்படுவதும் பல நேரங்களில் அந்தச் செய்திதான். வாடகை வீடுகளின் நிர்வாகத்தைக் கவனித்துவரும் எனக்கு, இத்தகைய கடிதங்களை எழுதவும் பிறர் எழுதியவற்றைத் திருத்தவும் பலமுறை நேர்ந்திருக்கிறது. சொற்களில் செய்யும் பிழையைவிட வரிசையில் செய்யும் பிழைதான் அதிகச் சேதம் விளைவிக்கிறது என்பதால், இந்த வழிகாட்டியைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

விளக்கத்துக்காக ஒரே ஒரு வீட்டை முதலிலிருந்து கடைசிவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு படுக்கையறைகள் கொண்ட அடுக்கக வீடு அது. கணவன், மனைவி, அவர்களுடைய குழந்தை ஆகிய மூவர் குடியிருப்பதாக ஓராண்டு ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கிறது. ஆறாவது மாதத்தில், மனைவியின் தம்பியும் அந்தத் தம்பியின் நண்பர் ஒருவரும் அங்கேயே இருப்பதாக உரிமையாளருக்குத் தகவல் வருகிறது.

1. ஒப்பந்தத்தில் ஆறு இடங்களை முதலில் படியுங்கள்

ஒப்பந்தத்தை எடுத்து வைக்காமல் ஒரு வரியும் எழுத வேண்டாம். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதை நினைவிலிருந்து சொல்பவர்களில் பலர் தவறாகவே சொல்கிறார்கள். "குடும்பத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறேன்" என்று உறுதியாகச் சொன்ன ஒருவருடைய ஒப்பந்தத்தில், "குடியிருப்புப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்றுதான் இருந்தது. முன்னது யார் குடியிருக்கலாம் என்பதைச் சொல்கிறது. பின்னது வீட்டை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை மட்டுமே சொல்கிறது.

நீங்கள் தேட வேண்டிய ஆறு பிரிவுகள் இவை: யார் யார் குடியிருக்கலாம் அல்லது எத்தனை பேர் குடியிருக்கலாம் என்பது, விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம் என்பது, உள்வாடகைக்கு விடுவதைப் பற்றியது, உரிமையாளர் வீட்டைப் பார்வையிட வருவதற்கு எவ்வளவு முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது, ஒப்பந்த மீறலைச் சரிசெய்ய எத்தனை நாள் அவகாசம், அறிவிப்பை எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்பது.

நம் எடுத்துக்காட்டில் 4-ஆம் பிரிவு மூவரின் பெயரையும் குறிப்பிட்டு, "இவர்களைத் தவிர வேறு எவரும் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றிக் குடியிருக்கக் கூடாது" என்கிறது. 5-ஆம் பிரிவு விருந்தினர் தொடர்ந்து 14 நாள்களுக்கு மேல் தங்கக் கூடாது என்கிறது. 9-ஆம் பிரிவு உள்வாடகையைத் தடுக்கிறது. 11-ஆம் பிரிவு பார்வையிடுவதற்கு 24 மணி நேர முன்னறிவிப்பைக் கேட்கிறது. 16-ஆம் பிரிவு, மீறலைச் சுட்டும் எழுத்துப்பூர்வ அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம் தருகிறது.

உங்கள் ஒப்பந்தத்தில் ஆள் எண்ணிக்கையே இல்லை என்றால், இந்தக் கடிதத்தை மீறல் கடிதமாக எழுத உங்களுக்கு அடிப்படை இல்லை. அப்போது அடுக்ககச் சங்கத்தின் விதியோ, உள்ளாட்சி அமைப்பு வகுத்த நெரிசல் வரம்போ மீறப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் நீங்கள் எழுதக்கூடியது வேண்டுகோள் மட்டுமே. அடுத்த ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

2. தங்குபவரா, குடியிருப்பவரா, உள்வாடகைக்கு இருப்பவரா?

தமிழில் தங்குதலும் குடியிருத்தலும் வேறுவேறு. உங்கள் கடிதம் முழுவதும் அந்த வேறுபாட்டின் மீதுதான் நிற்கப்போகிறது. போக வேறிடம் இருந்தும் சில நாள் இருப்பவர் தங்குகிறார். இந்த வீட்டைத் தவிர வேறு வீடில்லாதவர், அல்லது வாரத்தின் பெரும்பாலான இரவுகளை இங்கேயே கழிப்பவர் குடியிருக்கிறார். தனிச்சாவி வைத்திருப்பது, கடிதங்களும் பொதிகளும் அவர் பெயரில் இந்த முகவரிக்கு வருவது, வாகனத்தை நிரந்தரமாக இங்கே நிறுத்துவது ஆகியவை குடியிருப்பதற்கான அறிகுறிகள். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அது எதையும் நிறுவாது. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கேள்வி கேட்கப் போதுமான காரணம் இருக்கிறது.

மூன்றாவது வகை உள்வாடகை. கூடுதலாக இருப்பவர் உங்கள் வாடகைதாரருக்குப் பணம் கொடுத்து அறையையோ படுக்கையையோ பெற்றிருந்தால், பல ஒப்பந்தங்களில் அது தனிப் பிரிவின் கீழ் வரும் பெரிய மீறல். ஆனால் பணம் கைமாறுவதை நீங்கள் நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. எனவே சான்று கைக்கு வரும்வரை "உள்வாடகை" என்ற சொல்லை எழுதாதீர்கள். தவறான பிரிவைச் சுட்டி எழுதிய கடிதத்துக்கு வாடகைதாரர் "நான் யாருக்கும் உள்வாடகைக்கு விடவில்லை" என்று ஒரே வரியில் உண்மையாகவே மறுப்பு எழுதிவிடலாம். கூடுதல் ஆள் என்ற உண்மையான மீறல் அந்த மறுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

இன்னொரு பிரிவினரைத் தனியே வைத்துப் பாருங்கள். ஒப்பந்தக் காலத்தில் பிறந்த குழந்தை, நோயுற்றவரைக் கவனிக்க வந்திருக்கும் பராமரிப்பாளர் போன்றோர் எண்ணிக்கையில் கூடுதலாகத் தெரிந்தாலும், அவர்களை வெளியேறச் சொல்வதைப் பல நாடுகளின் சட்டங்கள் ஏற்பதில்லை. கைக்குழந்தையை நெரிசல் கணக்கில் சேர்க்காத சட்டங்களும் உண்டு. பிறந்த குழந்தைக்காக மீறல் கடிதம் அனுப்பிய உரிமையாளர், பாகுபாடு காட்டியதாக வரும் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

3. கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுதி வையுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நீங்களே கண்டவை, ஆவணத்தில் இருப்பவை, வாடகைதாரரே சொன்னவை. வலப்பக்கம் பிறர் சொன்னவை. ஒவ்வொன்றுக்கும் நாள் எழுதுங்கள். கடிதத்துக்குள் இடப்பக்கம் உள்ளவை மட்டுமே போக வேண்டும். வலப்பக்கம் உள்ளவை என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கு நினைவூட்ட மட்டுமே.

நம் எடுத்துக்காட்டில் மார்ச் 2 அன்று காவலாளி, "இரண்டு பேர் ஜனவரியிலிருந்தே இருக்கிறார்கள்" என்றார். அது வலப்பக்கம். அடுக்ககச் சங்கத்தின் வாகனப் பதிவேட்டில், இந்த வீட்டு எண்ணுக்கு நேராக ஜனவரி 20 அன்று ஓர் இருசக்கர வாகனம் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன் உரிமையாளர் பெயர் ஒப்பந்தத்தில் இல்லாத பெயர். அது இடப்பக்கம்.

சான்று தேடுகிற ஆர்வத்தில் எல்லை தாண்டுவது புதியவர்களிடம் நான் அடிக்கடி காணும் பிழை. கதவருகே கேமரா பொருத்துவது, ஜன்னல் வழியாகப் படமெடுப்பது, வாடகைதாரர் இல்லாத நேரத்தில் மாற்றுச்சாவியால் திறந்து பார்ப்பது ஆகியவை உங்கள் சான்றைப் பயனற்றதாக்குவதோடு, அவர் உங்கள் மீது வழக்குத் தொடுக்கவும் இடம் தரும். ஒப்பந்தம் அனுமதிக்கும் முன்னறிவிப்புடன் பார்வையிடுவதே நேரான வழி. அப்படிப் போகும்போதும் எத்தனை படுக்கைகள் பயன்பாட்டில் இருக்கின்றன என்பதைக் கவனித்துக் குறித்துக்கொண்டால் போதும். அலமாரியைத் திறக்க வேண்டியதில்லை. அங்கிருப்பவர்களை விசாரணை செய்ய வேண்டியதும் இல்லை.

4. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள்

எழுத உட்காருவதற்கு முன் இதற்கு விடை வேண்டும்: கூடுதலாக இருப்பவர் வெளியேற வேண்டுமா, அல்லது முறையாக ஒப்புதல் பெற்று இருக்கலாமா? இதைத் தீர்மானிக்காமல் எழுதும் கடிதம், "இது சரியில்லை, கவனித்துக்கொள்ளவும்" என்று மழுப்பலாக முடியும். அதைப் படிக்கும் வாடகைதாரர் என்ன செய்வார்? எதுவும் செய்யமாட்டார், ஏனென்றால் எதைச் செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

விருப்பத்துக்கு முன் மூன்று வரம்புகளைப் பார்க்க வேண்டும். சங்க விதியிலோ உள்ளாட்சி விதியிலோ அந்த அளவு வீட்டில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று இருந்தால், நீங்கள் விரும்பினாலும் ஒப்புதல் தர முடியாது. வீட்டுக்கு எடுத்த காப்பீட்டில் குடியிருப்போர் பற்றி நிபந்தனை இருந்தால், அதை மீறிய காலத்தில் நேரும் தீவிபத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். ஒரே குடும்பத்தைச் சேராதவர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தால் உரிமையாளர் தனி உரிமம் பெற வேண்டும் என்ற சட்டமும் சில நாடுகளில் உண்டு. இந்த மூன்றும் தடையில்லை என்றால் மட்டுமே ஒப்புதல் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

கூடுதலாக இருக்கும் அனைவரையும் ஒரே தராசில் வைக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் எடுத்துக்காட்டில் உரிமையாளர், நெருங்கிய உறவினரான தம்பிக்கு ஒப்பந்தம் முடியும்வரை ஒப்புதல் தரலாம் என்றும், நண்பர் வெளியேற வேண்டும் என்றும் முடிவெடுத்தார். சங்க விதியில் அந்த வீட்டுக்கு நான்கு பேர் என்று வரம்பு இருந்ததால், அந்த முடிவுக்குக் கடிதத்தில் சொல்லத்தக்க ஒரு காரணமும் இருந்தது.

5. முதலில் கேள்வியாக ஒரு சிறு செய்தி

நேரடியாக மீறல் கடிதம் அனுப்புவதைவிட, முதலில் கேட்டு எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். வாடகைதாரர் எழுத்தில் தரும் பதில்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக வலுவான சான்று. பதிவேட்டையும் காவலாளியையும்விட அது மேலானது. அதோடு, நீங்கள் நினைத்தது தவறாக இருந்தால் உறவு கெடாமல் அங்கேயே முடிந்துவிடும். மார்ச் 4 அன்று கைப்பேசியில் அனுப்பப்பட்ட செய்தி இது:

> வணக்கம். நம் வீட்டு எண்ணுக்கு நேராக, ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ஒருவரின் இருசக்கர வாகனம் ஜனவரி 20 முதல் சங்கப் பதிவேட்டில் இருப்பதைப் பார்த்தேன். இப்போது வீட்டில் உங்கள் மூவரைத் தவிர வேறு யாரேனும் இருக்கிறார்களா, இருந்தால் எந்த நாளிலிருந்து, எதுவரை என்பதை மார்ச் 7-ஆம் தேதிக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன். ஒப்பந்தத்தின் 4, 5-ஆம் பிரிவுகளின்படி இதை நான் அறிந்திருக்க வேண்டியுள்ளது.

இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. காவலாளி பெயரும் இல்லை. அவரை இழுத்தால் நாளை அவர்தான் அந்தப் படியில் நின்று வாடகைதாரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். "யாரேனும் இருக்கிறார்களா" என்பதோடு நிறுத்தாமல் "எந்த நாளிலிருந்து, எதுவரை" என்று கேட்டதற்குக் காரணம், 14 நாள் வரம்பு மீறப்பட்டதா என்பது அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

மார்ச் 6 அன்று பதில் வந்தது: "தம்பி படிப்புக்காக வந்திருக்கிறான். அவனுடைய நண்பனும் வேறு இடம் கிடைக்கும்வரை இருக்கிறான். ஜனவரியில் வந்தார்கள்." இந்த மூன்று வாக்கியங்களுக்குப் பிறகு, இருவரும் குடியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு எதையும் தேட வேண்டியதில்லை. ஆனாலும் உரிமையாளர் மார்ச் 8 அன்று முன்னறிவிப்பு தந்து, மார்ச் 10 அன்று பார்வையிட்டார். கூடத்தில் இரண்டு படுக்கைகள் போடப்பட்டிருந்தன. தாங்கள் செலவுக்குப் பணம் தருவதாக நண்பர் பேச்சுவாக்கில் சொன்னார். செலவுப் பங்கு வேறு, வாடகை வேறு என்பதால் உரிமையாளர் அதைக் குறித்துக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டார்.

6. மீறலைச் சுட்டும் கடிதம்

இந்தக் கடிதத்தை வாடகைதாரர் மட்டும் படிப்பதாக எண்ணி எழுதாதீர்கள். உங்களையும் அவரையும் அறியாத மூன்றாவது ஒருவர், ஓராண்டுக்குப் பின் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கலாம். மார்ச் 11 தேதியிட்ட கடிதம் இப்படி அமைந்தது:

> பொருள்: ஒப்பந்தப் பிரிவு 4-க்கு மாறாகக் கூடுதலாக இருவர் குடியிருப்பது
>
> மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,
>
> நமக்கிடையிலான வாடகை ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவின்படி, அதில் பெயர் குறிப்பிடப்பட்ட மூவரைத் தவிர வேறு எவரும் என் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி வீட்டில் குடியிருக்கக் கூடாது. 5-ஆம் பிரிவின்படி விருந்தினர் தொடர்ந்து 14 நாள்களுக்கு மேல் தங்கக் கூடாது.
>
> உங்கள் சகோதரரும் அவருடைய நண்பரும் ஜனவரி மாதத்திலிருந்து வீட்டில் இருப்பதாக மார்ச் 6 அன்று எனக்கு எழுதியுள்ளீர்கள். மார்ச் 10 அன்று முன்னறிவிப்புடன் வீட்டைப் பார்வையிட்டபோது, கூடத்தில் கூடுதலாக இரண்டு படுக்கைகள் பயன்பாட்டில் இருப்பதைக் கண்டேன். இதற்கு என் ஒப்புதல் கேட்கப்படவும் இல்லை, தரப்படவும் இல்லை.
>
> இந்த அளவுள்ள வீட்டில் நால்வர் வரை மட்டுமே குடியிருக்கலாம் என்பது அடுக்ககச் சங்கத்தின் விதி. ஆகவே பின்வரும் இரண்டையும் செய்ய வேண்டுகிறேன். உங்கள் சகோதரர் தொடர்ந்து இருக்க விரும்பினால், அதற்கான ஒப்புதலை மார்ச் 18-க்குள் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டால் ஒப்பந்தக் காலம் முடியும்வரை ஒப்புதல் தர அணியமாக இருக்கிறேன். அவருடைய நண்பர் மார்ச் 31-க்குள் வீட்டிலிருந்து வெளியேறியிருக்க வேண்டும். வெளியேறியதை நீங்கள் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.
>
> மேற்கண்ட தேதிகளுக்குள் இவை நிறைவேறாவிட்டால், ஒப்பந்தத்தின் 16-ஆம் பிரிவின்படி எனக்குள்ள உரிமைகளைப் பயன்படுத்துவேன். இடைப்பட்ட காலத்தில் நான் வாடகையைப் பெற்றுக்கொள்வது, கூடுதலானவர்கள் குடியிருப்பதற்கு ஒப்புதல் அளித்ததாக ஆகாது.
>
> நான் கூறியவற்றில் தவறு இருப்பதாகக் கருதினால், மார்ச் 18-க்குள் விவரத்துடன் எழுத வேண்டுகிறேன்.

கடிதம் செல்லும் வரிசை முதலில் பிரிவு, பிறகு நடந்தது, பிறகு செய்ய வேண்டியது, பிறகு விளைவு. விளைவை முதலில் வைத்தால் அதற்குப் பின்வரும் எதையும் வாடகைதாரர் அமைதியாகப் படிக்கமாட்டார்.

நடந்ததைச் சொல்லும் பத்தியில் "எழுதியுள்ளீர்கள்", "கண்டேன்" என்ற வினைகளைக் கவனியுங்கள். தமிழில் "தெரிய வருகிறது", "சொல்லப்படுகிறது" என்று எழுதுவது அடக்கமாகத் தோன்றும். ஆனால் யாருக்கு, யாரால் என்ற கேள்வியை அது திறந்தே விட்டுவிடுகிறது. ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து வந்தது என்பது வினைச்சொல்லிலேயே இருக்க வேண்டும்.

தேதியைக் குறிக்கும்போது "31 வரை" என்றும் "31-க்குள்" என்றும் கலந்து எழுதாதீர்கள். "மார்ச் 31 வரை வெளியேறலாம்" என்று ஒருவர் எழுதியதை, 31 வரை இருக்கலாம், ஏப்ரல் 1 அன்று புறப்பட்டால் போதும் என்று வாடகைதாரர் புரிந்துகொண்டார். அவர் புரிந்துகொண்டதில் பிழை சொல்ல முடியாது. முடிக்க வேண்டிய செயலுக்கு "க்குள்" என்பதும், நீடிக்கும் நிலைக்கு "வரை" என்பதும் சரி. "கூடிய விரைவில்" என்பதற்கு எந்தக் கடிதத்திலும் இடமில்லை.

வாடகை பற்றிய வரியைப் பலர் தேவையற்றது என்று நீக்கிவிடுகிறார்கள். மீறல் தெரிந்த பிறகும் பல மாதம் பேசாமல் வாடகை வாங்கிவந்தால், அந்த நிலையை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக வாதிட இடமுண்டு. அந்த வாதத்துக்கு முன்கூட்டியே தரும் பதில் அது. அதே காரணத்தால், கூடுதலாக இருப்பவரிடமிருந்து நேரடியாகப் பணம் வாங்குவதோ அவர் பெயரில் ரசீது தருவதோ கூடவே கூடாது. அப்படி வாங்கிய ஒரு மாதப் பணமே அவரையும் உங்கள் வாடகைதாரர் என்று சொல்லவைக்கலாம்.

கடிதத்தில் இருக்கக் கூடாதவையும் உண்டு. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவேன், பூட்டை மாற்றுவேன் என்ற மிரட்டல் பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம். எழுதிய தாளே சான்றாகிவிடும். கூடுதலாக இருப்பவரின் மதம், ஊர், திருமண நிலை, தொழில் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். எண்ணிக்கைதான் பிரச்சினை என்றால் எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். பழைய வாடகைத் தாமதம், சுவரில் அடித்த ஆணி, இரவு நேரச் சத்தம் ஆகியவற்றையும் இதோடு சேர்க்காதீர்கள். மூன்று புகார்கள் உள்ள கடிதத்துக்கு, அவற்றில் எளிதானதற்கு மட்டும் பதில் வரும் என்பது என் அனுபவம்.

வாடகையை உயர்த்துவதாகவும் இதில் எழுத வேண்டாம். "ஆளுக்கு இவ்வளவு கூடுதலாகத் தந்தால் இருக்கலாம்" என்று எழுதிவிட்டு, பிறகு நெரிசல்தான் கவலை என்று சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள்.

7. அனுப்பும் முறையும் நாள் கணக்கும்

ஒப்பந்தத்தில் அறிவிப்புக்கென்று ஒரு வழி சொல்லப்பட்டிருந்தால் அந்த வழியில்தான் மீறல் கடிதம் போக வேண்டும். கேள்விச் செய்தி கைப்பேசியில் போனது என்பதற்காக இதையும் அதில் மட்டும் அனுப்பினால், கடிதமே முறைப்படி வரவில்லை என்று சொல்லிவிடலாம். பதிவு அஞ்சலும் மின்னஞ்சலும் சேர்த்து அனுப்புவது பாதுகாப்பானது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இருவர் என்றால் இருவர் பெயரும் முகவரிப் பகுதியில் இருக்க வேண்டும். அடுக்ககக் குழுவில் ஒருபோதும் பகிரக் கூடாது. அதன்பின் பேச்சு ஒப்பந்தத்தைப் பற்றியதாக இருக்காது, மானத்தைப் பற்றியதாகிவிடும்.

16-ஆம் பிரிவின் 15 நாள் கணக்கு கடிதம் கிடைத்த நாளிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் எழுதிய நாளிலிருந்து அல்ல. மார்ச் 11 அன்று அனுப்பியது மார்ச் 13 அன்று கிடைத்தது. கிடைத்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் மார்ச் 28 அன்று அவகாசம் முடிகிறது. உரிமையாளர் மார்ச் 31 என்று எழுதியதால் அஞ்சல் தாமதத்துக்கும் இடம் இருந்தது. இதுவே மார்ச் 26 என்று எழுதியிருந்தால், ஒப்பந்தம் தரும் அவகாசத்தைத் தராத கடிதம் என்று அதைத் தள்ளிவிடலாம். மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.

8. ஒப்புதல் தருவதாக இருந்தால் இணைப்பு ஒப்பந்தம்

தம்பிக்கான ஒப்புதலை வாடகைதாரர் மார்ச் 16 அன்று கேட்டார். இந்த இடத்தில் உரிமையாளர்கள் செய்யும் பிழை, "சரி, இருக்கட்டும்" என்று ஒரு சொல்லில் பதில் போட்டு முடிப்பது. யார் இருக்கட்டும், எதுவரை, எந்த நிலையில் என்பது ஒன்றும் அதில் இல்லை.

ஒரு பக்க இணைப்பு ஒப்பந்தம் போதும். கூடுதலாக ஒப்புதல் பெற்றவரின் முழுப்பெயர். ஒப்புதல் தொடங்கும் நாளும் முடியும் நாளும். அவர் வாடகைதாரர் அல்லர், வாடகைதாரரோடு குடியிருக்க ஒப்புதல் பெற்றவர் மட்டுமே என்பது. அவரால் நேரும் சேதத்துக்கும் மூல வாடகைதாரர்களே பொறுப்பு என்பது. அவர்கள் வீட்டைக் காலி செய்யும் நாளில் அவரும் காலி செய்ய வேண்டும் என்பது. மூல ஒப்பந்தத்தின் மற்ற பிரிவுகள் மாறவில்லை என்பது. இவற்றை எழுதி, மூல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அனைவரும் கையெழுத்திட வேண்டும். ஒப்புதல் பெற்றவரும் படித்து அறிந்ததாகக் கையெழுத்திட்டால், தன் நிலை தெரியாது என்று அவர் பின்னாளில் சொல்ல முடியாது.

9. கெடு முடிந்த நாளில்

கெடு முடிந்ததும் மறுநாளே, அதாவது ஏப்ரல் 1 அன்று, ஒரு வரியாவது எழுத வேண்டும். நண்பர் வெளியேறியிருந்தால் உறுதிப்படுத்தலைக் கேட்டும், வெளியேறாவிட்டால் நிலையைக் குறித்தும் எழுதலாம். தேதி குறித்துவிட்டு அந்தத் தேதியில் பேசாமல் இருக்கும் உரிமையாளரின் அடுத்த தேதியை எவரும் பொருட்படுத்தமாட்டார்கள். ஒருமுறை அவகாசம் நீட்டுவதில் தவறில்லை. அதையும் "நீங்கள் கேட்டதற்கிணங்க ஏப்ரல் 10-க்குள்" என்று எழுத்தில் நீட்டுங்கள்.

வாடகைதாரர் "அவர் விருந்தினர்தான்" என்று மறுத்தால், விவாதிக்காமல் விருந்தினர் பிரிவையே திரும்பச் சுட்டுங்கள்: விருந்தினராகவே இருந்தாலும் 14 நாள் கடந்துவிட்டது. இரண்டு நாள் வெளியே போய்விட்டு மீண்டும் வந்து நாள் கணக்கைப் புதிதாகத் தொடங்கும் உத்தியும் உண்டு. "தொடர்ந்து" என்ற சொல் மட்டும் உள்ள ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அடுத்த ஒப்பந்தத்தில் "ஓராண்டில் மொத்தம் இத்தனை நாள்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதிலே வராவிட்டால், அல்லது கெடுவுக்குப் பிறகும் நிலை மாறாவிட்டால், உங்கள் கடிதப் பணி முடிந்துவிட்டது. அதன்பின் வருவது சட்டப்படியான அறிவிப்பு. அதன் வடிவத்தையும் காலத்தையும் சட்டம் வகுத்திருக்கும் என்பதால் அதை வழக்கறிஞரிடம் விட்டுவிட வேண்டும். அவரிடம் போகும்போது ஒப்பந்தம், கேள்விச் செய்தி, வந்த பதில், பார்வையிட்ட குறிப்பு, மீறல் கடிதம், அஞ்சல் ரசீது ஆகிய ஆறையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் அது தேவைப்படவில்லை. நண்பர் மார்ச் 29 அன்று புறப்பட்டார். வாடகைதாரர் மறுநாள் அதை எழுதித் தெரிவித்தார். நண்பரிடமிருந்த சாவியைத் திரும்பப் பெற்றுவிட்டதாகவும் அதில் ஒரு வரி இருந்தது. சாவியைப் பற்றிக் கேட்க உரிமையாளர் மறந்திருந்தார். நீங்கள் உங்கள் கடிதத்தில் வெளியேறும் தேதிக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதிவிடுங்கள்.